பூங்காவுக்குள் வாகனம்: சட்டத்தின் வரி போதாதபோது நீதிபதி என்ன செய்கிறார்?

பூங்காவுக்குள் வாகனங்களைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 1957இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் உரையாற்றிய ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் எச்.எல்.ஏ. ஹார்ட் இந்தக் கற்பனைச் சட்டத்தை எடுத்துக்காட்டாகக் கையாண்டார். காரை ஓட்டிக்கொண்டு நுழைபவர் சட்டத்தை மீறுகிறார் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. சைக்கிளில் வருபவர்? சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு வரும் சிறுமி? பொம்மைக் காரை மிதித்துக்கொண்டு வரும் சிறுவன்? இவர்களைப் பற்றிச் சட்டத்தின் வரியில் விடை இல்லை. ஆனாலும் வழக்கு என்று வந்துவிட்டால் நீதிபதி ஏதாவது ஒரு தீர்ப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய சட்டச் சிந்தனையாளர்கள் பிரிந்து நின்றார்கள். ஒருவர் ஹார்ட். மற்றவர் 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய பதவிக்கே வந்த அமெரிக்கர் ரொனால்டு டுவோர்க்கின்.

ஹார்ட்டின் பார்வையில், ஒவ்வொரு பொதுச் சொல்லுக்கும் ஐயமற்ற ஒரு மையப் பொருள் உண்டு. அதைச் சுற்றி, சொல் பொருந்துமா பொருந்தாதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நிழற்பகுதியும் உண்டு. இது சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவால் வருவதன்று. நாளை என்னென்ன வண்டிகள் வரும் என்பதை அவர்களால் அறிய முடியாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அவர்களுடைய நோக்கமே முழுமையாக உருவாகியிருப்பதில்லை. பூங்காவில் அமைதி வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், குழந்தையின் பேட்டரிக் காருக்காக அந்த அமைதியில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று யோசித்தே இருக்கமாட்டார்கள். அந்தக் கேள்வி முதன்முதலில் எழுவது நீதிபதியின் முன்னால்தான். அங்கே அவர் ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைக் கண்டெடுத்துச் சொல்வதில்லை. மீதியிருக்கும் சிறு இடைவெளியில் தாமே சட்டம் செய்கிறார். இதைத்தான் ஹார்ட் நீதிபதியின் விருப்புரிமை என்றார்.

விருப்புரிமை என்பதால் மனம்போன போக்கில் தீர்ப்பளிக்கலாம் என்று பொருளாகாது. பொறுப்புள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படிக் காரணங்களை எடைபோடுவாரோ அப்படி எடைபோட வேண்டும். தம் முன்னால் உள்ள வழக்கு எழுப்பும் கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல வேண்டும். அந்தச் சாக்கில் பூங்கா நிர்வாகத்தையே திருத்தியமைக்கக் கிளம்பக் கூடாது.

டுவோர்க்கின் 1967இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படத்தை எதிர்த்தார். ஹார்ட் சட்டத்தை வெறும் விதிகளின் தொகுப்பாகப் பார்க்கிறார், விதிகளைத் தவிர நெறிகளும் சட்டத்தில் அடங்கும் என்பது அவர் வாதம். இதற்கு அவர் காட்டிய சான்று நியூயார்க்கில் 1889இல் தீர்ப்பான ரிக்ஸ் எதிர் பால்மர் வழக்கு. தன் பெயருக்கு உயில் எழுதிய தாத்தாவைப் பேரன் நஞ்சிட்டுக் கொன்றான். கொலை செய்தவன் சொத்தைப் பெறக் கூடாது என்று உயில் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. உயிலோ எல்லா வகையிலும் செல்லுபடியாவது. ஆனாலும், தான் செய்த தீங்கிலிருந்து எவரும் ஆதாயம் அடையக் கூடாது என்ற நெறியைக் காட்டி நீதிமன்றம் சொத்தை மறுத்தது. நீதிபதிகள் தாங்கள் புதுச்சட்டம் செய்வதாகச் சொல்லவில்லை. சட்டத்துக்குள்ளேயே இருக்கும் நெறிக்குக் கட்டுப்படுவதாகவே எழுதினார்கள்.

இரண்டு பார்வைகளும் நடைமுறையில் எங்கே பிரிகின்றன என்பதைப் பூங்காச் சட்டத்தை வைத்தே பார்க்கலாம். கற்பனையான ஒரு நகரில் அந்தச் சட்டத்துக்கு இரண்டே பிரிவுகள். முதலாவது, பூங்காவுக்குள் வாகனங்களைக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. இரண்டாவது, மீறுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. வாகனம் என்றால் என்ன என்ற வரையறையும் இல்லை. சட்டத்தின் நோக்கம் பற்றிய முகவுரையும் இல்லை. இதன்கீழ் முன்பே மூன்று வழக்குகள் முடிந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் வந்தவர் தண்டிக்கப்பட்டார். மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிச் செல்ல உள்ளே வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். சைக்கிளில் வேகமாக வந்தவர் தண்டிக்கப்பட்டார். இப்போது நான்காவது வழக்கு. இரு கால்களும் செயலிழந்த ஒருவர், மணிக்கு 15 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய மூன்று சக்கர பேட்டரி ஸ்கூட்டரில் பூங்காவுக்குள் வந்தார். நடப்பவர்களின் வேகத்திலேயே அவர் வந்தார் என்பதைக் காவலாளியும் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அபராதச் சீட்டு எழுதப்பட்டுவிட்டது.

ஹார்ட்டைப் பின்பற்றும் நீதிபதி முதலில் சொல்லைப் பார்ப்பார். சக்கரமும் மோட்டாரும் இருக்கின்றன. ஆளைச் சுமந்து செல்கிறது. இன்னொரு பக்கம், அதற்கு எண் பலகை இல்லை. சாலையைவிட நடைபாதையில்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது. அவருக்கு அதுதான் கால். சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதோடு சட்டம் கொடுத்த வழிகாட்டல் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நடப்பவர்களின் பாதுகாப்பு, ஊனமுற்றவரின் தேவை, இத்தகைய ஸ்கூட்டர்கள் பெருகினால் வரும் நெரிசல் ஆகியவற்றை அவர் எடைபோடுவார். விடுதலை செய்தாலும் தண்டித்தாலும் அது அன்று அவர் எடுத்த முடிவு. இரண்டில் எதுவும் சட்டத்துக்கு முரணாகாது.

டுவோர்க்கின் இங்கேதான் கடுமையாகத் தடுக்கிறார். தண்டனை என்று முடிவானால் நீதிபதி அந்த மனிதரிடம் உண்மையில் சொல்வது என்ன? உங்கள் வண்டியைப் பற்றிச் சட்டம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை, இன்று நான் தடை செய்கிறேன், சென்ற மாதம் நீங்கள் செய்ததற்கு இப்போது 1,000 ரூபாய் கட்டுங்கள் என்பதுதான். நடந்து முடிந்த செயலுக்குப் பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு தண்டிப்பது அநீதி. மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் சட்டமியற்றுவது அதைவிடவும் பெரிய குறை.

அப்படியானால் டுவோர்க்கினின் நீதிபதி என்ன செய்வார்? முடிந்த மூன்று தீர்ப்புகளையும் ஒருசேர விளக்கக்கூடிய நெறி எது என்று தேடுவார். இரைச்சலையும் புகையையும் தடுக்கவே இந்தச் சட்டம் என்பது ஒரு விளக்கம். அதன்படி பேட்டரி ஸ்கூட்டருக்குத் தடையில்லை. ஆனால் சைக்கிளுக்கு இரைச்சலும் இல்லை, புகையும் இல்லை. அதில் வந்தவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார். எனவே அந்த விளக்கம் பொருந்தவில்லை, விழுந்துவிடுகிறது. நடப்பவர்களைவிட வேகமாக ஓடக்கூடிய எதுவும் கூடாது என்பது இரண்டாவது விளக்கம். ஆம்புலன்ஸை உயிர்காக்கும் அவசரம் என்று விலக்கிவிட்டால் மூன்று தீர்ப்புகளும் இதற்குள் அடங்கும். அதன்படி ஸ்கூட்டர்காரர் குற்றவாளி. பூங்கா நடைவேகத்தில் செல்லும் எல்லாருக்கும் உரியது, அந்த வேகத்தைக் குலைப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது என்பது மூன்றாவது விளக்கம். இதற்கும் மூன்று தீர்ப்புகளும் பொருந்துகின்றன. ஆனால் இதன்படி அவர் குற்றமற்றவர்.

பழைய தீர்ப்புகளோடு பொருந்துவது என்ற சோதனை இரண்டு விளக்கங்களை மிச்சம் வைக்கிறது. அடுத்த சோதனை, இவற்றில் எது அந்த நாட்டின் சட்டம் முழுவதையும் நியாயத்தில் சிறந்து நிற்கச் செய்கிறது என்பது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் அங்கே இருந்தால், பொது இடங்களில் ஊனமுற்றவருக்குச் சம உரிமை என்ற நெறி ஏற்கெனவே சட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. அது மூன்றாவது விளக்கத்தின் பக்கம் சாய்கிறது. ஆகவே விடுதலை. இந்த நீதிபதி தாம் புதிதாக விலக்கு அளித்ததாகச் சொல்லமாட்டார். வாயிலைக் கடந்த நாளிலேயே அந்த மனிதருக்கு இந்த உரிமை இருந்தது என்று சொல்வார். நேர்மையான இன்னொரு நீதிபதி வேறு முடிவுக்கு வரக்கூடும் என்பதை டுவோர்க்கின் மறுக்கவில்லை. கருத்து வேறுபடுவதாலேயே சரியான விடை என்று ஒன்று இல்லாமல் போய்விடாது என்பது அவர் நிலை.

காரணங்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்கூட்டர்களை அனுமதித்தால் பூங்காவின் கட்டண வருமானம் கூடும் என்று நகராட்சி வழக்கறிஞரே சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். ஹார்ட்டின் நீதிபதி அதையும் தராசில் வைக்கலாம். டுவோர்க்கினின் நீதிபதி வைக்க முடியாது. பொதுநலனுக்கு எது இலாபம் என்பது கொள்கை. அது சட்டமன்றத்தின் வேலை. நீதிமன்றத்தின் வேலை யாருக்கு என்ன உரிமை என்று நெறியின்படி சொல்வது.

இதற்கு மிக நெருங்கிய உண்மை வழக்கு ஒன்று உண்டு. திருடப்பட்ட மோட்டார் வாகனத்தை மாநிலம் கடத்திக் கொண்டுபோவதை அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று பெயர் சொல்லிவிட்டு, தண்டவாளத்தில் ஓடாத, தானே இயங்கும் பிற வாகனங்களையும் அது சேர்த்துக்கொண்டது. மக்பாயில் என்பவர் திருட்டு விமானத்தை இல்லினாயிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோன வழக்கில் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 1931இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி ஹோம்ஸ் காட்டிய காரணம், தண்டனைச் சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பது சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது. ஹார்ட்டின் படத்தில் விமானம் நிழற்பகுதியில் நிற்கிறது. ஆனால் முன்னெச்சரிக்கை என்ற நெறிதான் அந்த வழக்கை முடித்தது என்பது டுவோர்க்கினுக்குச் சாதகமாகவே தெரிகிறது.

டுவோர்க்கினின் முறைக்கும் பலவீனம் உண்டு. பூங்காச் சட்டத்தின்கீழ் வரும் முதல் வழக்கே ஸ்கூட்டர் வழக்காக இருந்தால், முன்தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை; மூன்று விளக்கங்களும் முதல் சோதனையில் தேறிவிடும். முடிவின் பாரம் முழுவதும் எது சிறந்த நியாயம் என்ற நீதிபதியின் கணிப்பில் விழுகிறது. அந்த நிலையில் அவர் செய்வதற்கும் ஹார்ட்டின் நீதிபதி செய்வதற்கும் உள்ள தூரம் மிகவும் குறுகிவிடுகிறது.

ஹார்ட் 1992இல் மறைந்தார். அவருடைய மறுமொழி, 1961இல் வந்த அவரது ‘சட்டம் என்னும் கருத்து’ நூலின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னுரையாக வெளிவந்தது. நெறிகளுக்குத் தாம் போதிய இடம் கொடுக்கவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். பின்னால் வந்த சட்டத்தால் தண்டிப்பது அநீதி என்ற குற்றச்சாட்டு கடினமான வழக்குகளில் எடுபடாது என்றார். தெளிவான சட்டம் இல்லாத இடத்தில், அதை நம்பி ஒருவர் நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. எல்லா இடைவெளிகளையும் நெறிகளே அடைத்துவிடும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. ஊனமுற்றவருக்குச் சம உரிமை என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் நெறிதான். நடைபாதையில் விளையாடும் குழந்தையின் பாதுகாப்பும் அதே சட்டத்தின் நெறிதான். ஒரே ஸ்கூட்டரின் மேல் இரண்டும் மோதும்போது எதற்கு எவ்வளவு எடை என்பது, ஹார்ட்டின் கணக்கில், அந்த நாளில் நீதிபதி எடுக்க வேண்டிய முடிவாகவே மிஞ்சுகிறது.