பத்திரம் முடிஞ்சும் வீட்டில் தங்கும் விற்றவர்: எத்தனை நாள், எவ்வளவு பணம், உடைந்தால் யார் பொறுப்பு?

“ஆனியிலேயே பத்திரம் முடிச்சிடலாம் தம்பி. ஆடியில குடி பெயர முடியாது. ஆவணி மொத முகூர்த்தத்துல சாவியைக் கையில குடுத்துடுறோம்.”

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கும் பாடாலூரில் ஒரு வீடு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சின்ன வெங்காயம் போடும் விவசாயி. கொல்லையில் வெங்காயப் பட்டறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவர் கட்டும் புது வீட்டுக்குப் பூச்சு வேலை பாக்கி. வாங்குபவர் திருச்சியில் மாதம் 7,500 ரூபாய் வாடகையில் இருக்கும் இளைஞர். விலை 32 லட்சம், அதில் 24 லட்சம் வங்கிக் கடன். “சரிங்கய்யா, இருங்க” என்று அவர் சொல்லிவிடுகிறார்.

சொல்வதில் தப்பில்லை. வாய்வார்த்தையோடு நிற்பதுதான் சிக்கல்.

பத்திரத்தில் ஒன்று, வீட்டில் வேறொன்று

நம்மூர் கிரையப் பத்திரங்களில் சொத்தின் சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டதாக ஒரு வரி வழக்கமாக வந்துவிடும். பத்திர எழுத்தர் பழைய மாதிரியை அப்படியே எடுத்துப் போடுவார், யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் விற்றவர் வீட்டில்தான் அடுப்பு எரிகிறது.

பதிவு செய்த பத்திரத்தால் உரிமை மாறிவிடுகிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் சுவாதீனம் தர விற்றவர் கடமைப்பட்டவர். ஆனாலும் ஆள் உள்ளேயே இருப்பது பின்னால் வேறு கதைக்கு இடம் கொடுக்கும். “நான் விக்கவே இல்ல, கடனுக்கு ஈடா எழுதிக் குடுத்தேன்” என்று ஒருவர் வழக்குப் போட்டால், விற்றவரே தொடர்ந்து குடியிருந்தாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். கந்துவட்டிக்காகக் கிரையம் எழுதி வாங்கும் பழக்கம் இருக்கும் மண்ணில் அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. ஆகவே, விற்றவர் எந்த அடிப்படையில் தங்குகிறார் என்பதைப் பதிவு நாளன்றே தனித்தாளில், முத்திரைத் தாளில், இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரத்தின் சுவாதீன வரியையும் அதற்கு ஏற்ப மாற்றச் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளில் ‘வாடகை’ என்று எழுதாமல் ‘தங்க அனுமதி’ என்று எழுதுவது நல்லது. வாடகைக்காரருக்குச் சொத்தில் ஓர் உரிமை பிறக்கிறது, அனுமதியில் தங்குபவருக்கு அது இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் - ஆர்.என்.கபூர் வழக்கில் 1959-லேயே உச்ச நீதிமன்றம், ஆவணத்தின் தலைப்பை அல்ல, உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எனவே ஒரு செட் சாவி வாங்கியவரிடம் இருக்கட்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு அவர் வந்து பார்க்கலாம், விற்றவர் வேறு யாரையும் குடிவைக்கக் கூடாது என்பதும் தாளில் இருக்கட்டும்.

தேதி எழுதுங்க, மாசம் வேணாம்

‘ஆவணி மொத முகூர்த்தம்’ என்பது ஒப்பந்தத்துக்கு உதவாது. எந்த முகூர்த்தம் என்று அப்புறம் ஜோசியரைத்தான் கேட்க வேண்டிவரும். பதிவு ஜூலை 10 என்றால், மறுநாள் முதல் எண்ணி 45 நாள், ஆகஸ்ட் 24 மாலை 5 மணிக்குள் காலி என்று எழுதலாம். வெங்காயப் பட்டறை, வைக்கோல், மாட்டுக் கொட்டகைச் சாமான் எல்லாம் அந்த 45 நாளுக்குள் அடங்குமா என்பதையும் சேர்த்து எழுதணும். வீட்டை விட்டுக் குடும்பம் போய், கொல்லையில் பட்டறை நின்றால் அது காலி செய்த கணக்கா, இல்லையா?

நாள் கட்டணம் எப்படிப் போடுவது? அதே மாதிரி வீட்டுக்கு உள்ளூரில் 6,000 ரூபாய் வாடகை என்றால் நாளுக்கு 200. வாங்கியவர் பக்கம் பார்த்தால், 24 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி நாளுக்குச் சுமார் 592 ரூபாய். அவர் திருச்சியில் கொடுக்கும் வாடகை நாளுக்கு 250. இரண்டும் சேர்ந்து 842 ரூபாய். 200-க்கும் 842-க்கும் நடுவே பேசி 400-ல் முடிக்கிறார்கள் என்று கொள்வோம். 45 நாளுக்கு 18,000 ரூபாய்.

கெடு தாண்டினால்? அங்கே கட்டணம் ஏற வேண்டும், ஆனால் மிரட்டும் தொகை எழுதிப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை ஓர் உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். நாளுக்கு 5,000 என்று எழுதினால் எடுபடுவது கஷ்டம். 842 ரூபாய் நஷ்டத்தைக் கணக்குக் காட்ட முடிகிறபோது, 1,000 ரூபாய்க்கு விளக்கம் சொல்லலாம்.

அமெரிக்காவில் இது ரொம்ப சாதாரணம். டெக்சாஸில் விற்றவர் 90 நாள்வரை தங்குவதற்கென்றே அச்சிட்ட படிவம் இருக்கிறது. நாள் கட்டணம், டெபாசிட், கெடு தாண்டினால் என்ன தொகை என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. இங்கே நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

டெபாசிட்தான் பிடிமானம்

விலையில் ஒரு லட்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். முழுத் தொகையும் பெற்றதாகப் பத்திரம் சொல்லும், அது பொய்யாகிவிடும். தவிர, விலைப் பாக்கிக்காக விற்றவருக்குச் சொத்தின் மேலேயே ஒரு பாத்தியதை சட்டப்படி வந்துவிடுகிறது. கடன் கொடுத்த வங்கி அதை விரும்பாது. முழு விலையைக் கொடுத்துவிட்டு, விற்றவரிடமிருந்து ஒரு லட்சத்தை டெபாசிட்டாக வங்கிக் கணக்கு வழியே திரும்ப வாங்குவதே சுத்தம்.

ஏன் இவ்வளவு? அவர் காலி செய்யாவிட்டால் வாங்கியவர் பூட்டு போடவோ, கரண்டைத் துண்டிக்கவோ முடியாது. சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். முறையான வழி சிவில் வழக்குதான், அதன் வேகம் எல்லாருக்கும் தெரியும். தன் ஒரு லட்சம் எதிராளியிடம் இருக்கிறது என்ற நினைப்புதான் ஆளை நகர்த்தும்.

காத்தடிச்சா யார் பொறுப்பு?

இதில்தான் பலருக்கும் அதிர்ச்சி. உரிமை மாறியபின், விற்றவரால் ஏற்படாத சேதம் வாங்கியவர் தலையில்தான் விழும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆடிக் காத்தில் கூரைத் தகடு பறந்தால், உள்ளே குடியிருப்பவர் விற்றவர் என்றாலும், நஷ்டம் வாங்கியவருக்கு. ஆகவே வீட்டுக் காப்பீட்டைப் பதிவு நாளிலிருந்தே தொடங்கணும். மறுபுறம், ஒப்படைக்கும்வரை புத்தியுள்ள ஓர் உரிமையாளர் போல வீட்டைக் கவனிக்கும் கடமை விற்றவருக்கு உண்டு. போர்வெல்லில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓடவிட்டுச் சுருள் எரிந்தால் அது அவர் செலவு. பழைய மோட்டார் தானாகப் போனால்? சண்டை இங்கேதான் வரும். ‘தேய்மானம் வாங்கியவருக்கு, தவறான பயன்பாடு விற்றவருக்கு, ரிப்பேர்க்காரர் எழுதித் தரும் காரணமே முடிவு’ என்று ஒரு வரி போட்டால் தீரும்.

ஆதாரம் போனிலேயே இருக்கிறது. பதிவு நாளன்று இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ: மோட்டார் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, தரையில் இருக்கும் விரிசல், மின் மீட்டரில் தெரியும் யூனிட். மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், யார் எவ்வளவு எரித்தார் என்பதை அந்த மீட்டர் படம்தான் சொல்லும். அதே வீடியோவை இருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டுக்கொண்டால் போதும்.

நம் விவசாயி பட்டறை பிரிக்கத் தாமதமாகி ஆகஸ்ட் 30-ல்தான் சாவி கொடுக்கிறார். 45 நாளுக்கு 18,000, கூடுதல் 6 நாளுக்கு 6,000, எரிந்த மோட்டாருக்கு 4,500. ஒரு லட்சத்தில் கழித்தது போக 71,500 ரூபாய் அன்றே அவர் கணக்கில் ஏறுகிறது. மீட்டரை இன்னொரு படம் எடுத்துக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில் ‘சுவாதீனம் பெற்றேன்’ என்று தேதியோடு வாங்கியவர் கையெழுத்துப் போடுகிறார்.