கல்யாண டிவிடியும் காணாமல் போகும் பாதி அசைவும்

2005, 2006 வாக்கில் நடந்த கல்யாணம் என்றால் வீடியோ பெரும்பாலும் டிவிடியில்தான் வந்திருக்கும். மணமக்கள் படம் அச்சிட்ட உறையில் இரண்டு மூன்று தட்டுகள், முதல் தட்டில் முகூர்த்தம், அடுத்ததில் வரவேற்பு. இன்று வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. புதிய மடிக்கணினிகளில் டிரைவும் இல்லை. யாரிடமாவது கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்குகிறோம். படம் மங்கலாக, கைகள் அசையும்போது கோடு கோடாகத் தெரிகிறது. “பழைய வீடியோ, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் குற்றம் வீடியோவின் வயதில் இல்லை. மாற்றியவர் தொடாமல் விட்ட ஓர் அமைப்பில் இருக்கிறது.

அது என்ன என்று தெரிய, தட்டில் இருப்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பதிவான டிவிடிகள் பால் முறையைச் சேர்ந்தவை. அகலத்தில் 720 புள்ளிகள், உயரத்தில் 576 வரிகள், நொடிக்கு 25 ஃபிரேம்கள். ஆனால் அந்த ஃபிரேம் ஒவ்வொன்றும் ஒரே கணத்தில் எடுத்த படம் அல்ல. அந்தக் கால வீடியோ கேமரா முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகளைப் பதிவு செய்யும். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மீதி வரிகளைப் பதிவு செய்யும். இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். ஆக, தட்டில் ஒவ்வொரு நொடிக்கும் 50 வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன. பழைய படக்குழாய் டிவி அவற்றை அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. அதனால்தான் அந்த டிவியில் அசைவு அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது.

கெட்டி மேளம் கொட்டுகிறது, சுற்றி நிற்பவர்கள் அட்சதை தூவுகிறார்கள். அந்த அரிசி மணிகள் ஃபீல்டுக்கு ஃபீல்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். தவில்காரரின் விரல்களும் அப்படித்தான். இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே படமாக ஒட்டினால் அசையும் விளிம்புகளில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். மாற்றும் மென்பொருள்கள் இதை நீக்க, பொதுவாக இரண்டு ஃபீல்டுகளிலிருந்து ஒரு படம் செய்து நொடிக்கு 25 படங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. கோடு போய்விடும், கூடவே பதிவாகியிருந்த அசைவில் பாதியும் போய்விடும். மெல்லிய விவரம் என்றதும் எல்லோரும் புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் நினைக்கிறார்கள். வீட்டு டிவிடியைப் பொறுத்தவரை அதிகம் பறிபோகும் விவரம் நேரத்தில் இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் தட்டில் உள்ளதைக் குறையாமல் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். இதை மாற்றும் வேலையோடு சேர்த்துச் செய்யக் கூடாது. தட்டைத் திறந்தால் `VIDEO_TS` என்ற கோப்புறைக்குள் `VTS_01_1.VOB`, `VTS_01_2.VOB` என்று கோப்புகள் வரிசையாக நிற்கும். இவை தனித்தனி வீடியோக்கள் அல்ல. டிவிடி விதிப்படி ஒரு கோப்பு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் ஒரே வீடியோவைத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றினால் ஒட்டும் இடத்தில் வசனமோ மேளமோ ஒரு கணம் அறுபடும். MakeMKV என்ற மென்பொருள் இவற்றைச் சேர்த்து ஒரே எம்கேவி கோப்பாக எழுதித் தரும். படத்தையோ ஒலியையோ அது மறுபடி சுருக்குவதில்லை. உறையை மட்டும் மாற்றுகிறது. இழப்பு என்பதே கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 120 நொடிக்குக் குறைந்த பகுதிகளை அது வழக்கமாக ஒதுக்கிவிடும். திரைப்படத் தட்டுகளில் விளம்பரத் துணுக்குகளைத் தவிர்க்க அது சரி. கேமராவிலேயே நேராகத் தட்டில் பதிந்த வீட்டு வீடியோவில் குழந்தை முதலடி வைத்த ஒரு நிமிடத் துண்டு அப்படியே விடுபடும். விருப்பங்களில் `Minimum title length` என்பதைச் சில நொடிகளாகக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தட்டு நடுவில் சிக்கினால் மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்துவிட்டு, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுப்பதை இன்னொன்று படிப்பது சகஜம்.

இந்த எம்கேவிதான் மூலப்படி. ஒரு மணி நேர வீடியோ நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால் சுமார் 3.6 ஜிபி வரும். இதை அழிக்காதீர்கள். டிவியிலும் கைபேசியிலும் பார்ப்பதற்கு இதிலிருந்து இன்னொரு படி எடுப்போம். அதற்கு HandBrake என்ற இலவச மென்பொருள் போதும்.

HandBrake திறந்ததும் `Fast 1080p30` என்ற ஆயத்த அமைப்பு தயாராக நிற்கும். அப்படியே பொத்தானை அழுத்தினால் மேலே சொன்ன விபத்து நடக்கும். படம் நொடிக்கு 25 ஆகச் சுருங்கிவிடும். `Filters` பக்கத்துக்குப் போங்கள். `Deinterlace` என்ற இடத்தில் `Bwdif` தேர்ந்தெடுத்து, அதன் அருகில் `Bob` வையுங்கள். `Interlace Detection` என்பதை `Off` ஆக்குங்கள். கேமராவில் எடுத்த வீடியோ முழுவதுமே ஃபீல்டுகளால் ஆனது. இந்த ஃபிரேமுக்கு வேண்டும், அதற்கு வேண்டாம் என்று மென்பொருள் ஊகிக்கத் தேவையில்லை. பிறகு `Video` பக்கத்தில் `Framerate` 50 என்றும் `Constant Framerate` என்றும் வைக்க வேண்டும். இதை மறந்தால் `Bob` உருவாக்கிய கூடுதல் படங்களை, நொடிக்கு 30 என்ற உச்ச வரம்பு வெட்டி எறிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

அதே பக்கத்தில் தரத்தைக் குறிக்கும் `RF` எண் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். வழக்கமாக நிற்கும் 22 இந்த அளவுப் படத்துக்குச் சற்று அதிகம். `H.264 (x264)` வைத்துக்கொண்டு 17 அல்லது 18 கொடுங்கள். `Encoder Preset` என்பதில் `Slow`. 0 வரை இறக்குவதில் பொருளில்லை, அதற்கு மூலப்படியே இருக்கிறது. முழு வீடியோவையும் மாற்றிப் பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. `Range` என்ற இடத்தில் அட்சதை விழும் அந்த அரை நிமிடத்தை மட்டும் குறித்து, 20இல் ஒன்றும் 17இல் ஒன்றும் எடுத்துப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் சிதறும் சின்னப் பொருள்கள்தான் சுருக்கும் மென்பொருளுக்குப் பெரிய சோதனை. அங்கே அரிசி மணிகள் சதுரத் திட்டுகளாகக் கரையாமல் இருந்தால் மற்ற காட்சிகளுக்குக் கவலையில்லை. விஎச்எஸ் நாடாவிலிருந்து டிவிடிக்கு ஏற்றிய வீடியோ என்றால் படத்தில் புள்ளி இரைச்சல் அதிகம் இருக்கும். கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக வந்தாலும் வியக்க வேண்டாம். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று `Denoise` பக்கம் போனால் பட்டுப் புடவையின் நெய்த கோலமும் சேர்ந்து அழிந்துவிடும். அதை `Off` ஆகவே விடுவது என் கட்சி.

படத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். 720, 576 என்பதைக் கணக்குப் போட்டால் 4:3 வராது, 16:9உம் வராது. டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. ஓடும்போது இழுத்துக் காட்டச் சொல்லும் குறிப்பு கோப்பிலேயே இருக்கிறது. `Dimensions` பக்கத்தில் `Anamorphic` என்பதை `Automatic` ஆகவும் `Cropping` என்பதை `None` ஆகவும் விட்டால் அந்தக் குறிப்பு அப்படியே தொடரும். மாப்பிள்ளை திடீரெனக் குண்டாகத் தெரிந்தால் இதில் எங்கோ கை வைத்திருக்கிறீர்கள்.

ஒலிக்கு `Auto Passthru` என்று வைத்தால் நாதஸ்வரம் மறுசுருக்கம் இல்லாமல் வரும். சில கைபேசிகளில் டால்பி ஒலி கேட்காது. அவற்றுக்காக `AAC` ஒலித்தடம் ஒன்றையும் இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, VLCயில் அட்சதைக் காட்சியை நிறுத்தி `E` விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மணி சற்றே கீழிறங்க வேண்டும். இரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் நகர்கிறது என்றால், படத்தொகுப்பு செய்த இடத்திலேயே ஃபீல்டுகள் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. அந்தத் தட்டுக்கு 25 போதும். மணி முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகிறதா? ஃபீல்டு வரிசை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. டிவிடிகளில் வழக்கமாக மேல் ஃபீல்டு முதலில் வரும். அக்காலத்து மினி டிவி கேமராக்கள் கீழ் ஃபீல்டை முதலில் எழுதின. தொகுப்பாளர் இதைக் கவனிக்காவிட்டால் தட்டு பிறந்த நாள் முதலே வீடியோ நடுங்கிக்கொண்டிருக்கும். இது இப்போதும் திருத்தக்கூடிய பிழை. மூலப்படியை எடுத்து, கீழ் ஃபீல்டுதான் முதல் என்று FFmpegக்கு எடுத்துச் சொன்னால் போதும்:

```
ffmpeg -i kalyanam.mkv -vf bwdif=mode=send_field:parity=bff -c:v libx264 -crf 17 -preset slow -c:a copy kalyanam50.mkv
```

திருத்த முடியாதவையும் உண்டு. நான்கு மணி நேரத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் நொடிக்குக் கிடைத்தது இரண்டரை மெகாபிட் சொச்சம்தான். அப்போதே உருவான சதுரத் திட்டுகளை எந்த அமைப்பும் எடுக்காது. இரண்டு ஃபீல்டுகளையும் கலந்து மங்கலாக்கி எழுதிய தட்டில் கைகளுக்கு நிழல் போல இன்னொரு கை தெரியும், அதுவும் நிரந்தரம். படத்தை 1080க்குப் பெருக்குவதால் இல்லாத விவரம் வந்துவிடாது. பெருக்கும் வேலையை டிவி தானே செய்துகொள்ளும்.

இவ்வளவும் நமக்கெதற்கு என்று கடையில் கொடுப்பவர்கள் “எச்டி ஆக்கித் தருகிறோம்” என்ற பேச்சில் மயங்காமல் இரண்டு மட்டும் கேளுங்கள்: `VIDEO_TS` கோப்புறை முழுவதும் அப்படியே ஒரு படி; பார்ப்பதற்கு 720×576 அளவில், நொடிக்கு 50 ஃபிரேம் கொண்ட இன்னொரு படி. முதல் படி கையில் இருந்தால் இரண்டாவது எப்படி வந்தாலும் திரும்பச் செய்துகொள்ளலாம்.