வரியைக் கட்டியாயிற்று, விபரத்திரட்டு எங்கே?

வரியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நம் வியாபாரிகள் பலர் எண்ணுவதைப் பார்க்கிறேன். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

மார்ச் 31இல் முடியும் மதிப்பீட்டாண்டுக்கான இறுதி வரியை செப்டம்பர் 30க்குள் கட்ட வேண்டும். ஒக்டோபர் 2இல் கட்டினாலும் ஒரு மாதத்துக்குரிய 1.5 வீத வட்டி முழுமையாகச் சேரும். 60,000 ரூபாவுக்கு அது 900 ரூபா. பெரிய தொகையல்ல.

அடி விழுவது விபரத்திரட்டில்தான். அதற்கான கடைசி நாள் நவம்பர் 30. ஒரு கடைக்காரர் 60,000 ரூபாவையும் உரிய நாளில் கட்டிவிட்டு, விபரத்திரட்டை மட்டும் பெப்ரவரி 3இல் கொடுக்கிறார் என்று வைப்போம். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்கள்; பெப்ரவரியின் மூன்று நாட்களும் ஒரு மாதம். தண்டப்பணம் இரு வழிகளில் கணிக்கப்பட்டு, கூடியது எடுக்கப்படும். ஒன்று, செலுத்தாதிருக்கும் வரியில் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும். இவருக்கு அது பூச்சியம். மற்றது, 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும், அது 80,000. கட்டிய வரியைவிடத் தண்டம் கூட!

ஜனவரி 28இல் கொடுத்திருந்தால் 70,000. அந்தச் சில நாட்களின் விலை 10,000 ரூபா. இப்படியே ஏறி 400,000 ரூபாவில்தான் இது நிற்கும்.