கேள்விக்குக் கேள்வியே பதில்!

எங்கள் தெருவுக்கென்று ஒரு கும்மிப் பாட்டு இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வருஷா வருஷம் காணும் பொங்கலன்று சாயங்காலம் தெரு நடுவில் குத்துவிளக்கை ஏற்றி வைத்துச் சுற்றி நின்று பாடுகிறோம். அந்தப் பாட்டு பிறந்த கதையையும், அதைக் கட்டும்போது நாங்கள் குட்டுப்பட்டுக் கற்றுக்கொண்டதையும் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. எங்கள் வீடு அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பக்கம். தெருவின் ஒரு கோடியில் இரண்டு மாடி வீடு ஒன்று. மறு கோடியில், ஆற்றை ஒட்டிக் குடிசைகள். நடுவில் எங்களைப் போன்ற தரை வீடுகள்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர், அரை மணியில் கட்டில் உயரம் வந்துவிட்டது. மின்சாரம் இல்லை. அப்போது குடிசைப் பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர் லாரி டியூபும் கயிறுமாக வந்தார்கள். அவர்கள் குடிசைகள் அதற்குள் போய்விட்டிருந்தன. தங்கள் பெண்டு பிள்ளைகளை மாடி வீட்டில் ஏற்றிவிட்டு, எங்களைக் கூட்டிப்போகத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒன்றரை வயதான என் கடைசிப் பிள்ளையை அவர்களில் ஒருவர் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாடி வீட்டு மாமியிடம் இரண்டு காஸ் சிலிண்டரும் ஒரு மூட்டை அரிசியும் இருந்தன. மூன்று நாள் அந்த மொட்டை மாடியிலும் அறைகளிலும் அறுபது பேர் இருந்தோம். அரிசியை அளந்து கஞ்சியாகக் காய்ச்சி, முதலில் குழந்தைகள், பிறகு வயதானவர்கள், அப்புறம்தான் மற்றவர்கள் என்று மாமி முறை வைத்தார். வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குள் முழங்கால் சேறு. அதை வழித்துக் கொட்ட முதலில் சேலையைச் சொருகிக்கொண்டு வந்தவர்கள் குடிசைப் பக்கத்துப் பெண்கள்தான்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் பல வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அவர்களில் ஒருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தண்ணீர் லாரி வரும்போது குடம் வைப்பதில் சண்டை போட்டதுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம்!

இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். காணும் பொங்கலுக்கு ஒரு பாட்டுப் பாடலாமே என்று நாங்கள் ஐந்தாறு பெண்கள் கூடி, ஒரு சினிமா மெட்டில் எழுதினோம். பதினாலு பேர் பெயரை வரிசையாகப் போட்டோம். “ஏழைகளானாலும் தங்க மனசு” என்றும் ஒரு வரி. எழுதி முடித்ததும் எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

குடிசைப் பக்கத்தில் ஒரு பாட்டி உண்டு. கிராமத்தில் இருந்த காலத்தில் கும்மிக்கு முன்பாட்டு எடுத்துக் கொடுத்தவர். அவரிடம் பாடிக் காட்டினோம். வெற்றிலையை மென்றுகொண்டே கடைசி வரை கேட்டார்.

“ஏம்மா, நாங்க ஏழைன்னு எங்களுக்குத் தெரியாதா? அதைப் பாட்டுல வேற நீங்க சொல்லணுமா?” என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாடி வீட்டு மாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“பேரு போட்டிருக்கீங்களே, பதினாலு பேரு. பதினைஞ்சாவது ஆளு கேட்டா என்ன சொல்வீங்க? பேரைச் சொன்னா சண்டை வரும் தாயி. செஞ்சதைச் சொல்லு, செஞ்சவன் தானே சிரிச்சுக்குவான். அப்புறம், நீங்க மட்டும்தான் நன்றி சொல்வீங்களா? மூணு நாளு என் பேரப்புள்ளைங்க வயித்துல இருந்தது யாரு கஞ்சி? அதை நாங்க எந்தப் பாட்டுல சொல்றது?”

அவ்வளவுதான், எங்கள் பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டோம்! பாட்டி மறுநாளே புதிதாக ஆரம்பித்தார். முதலில் கும்மியின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். தெரிந்துகொண்டால் நீங்களும் கட்டலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கும்மியில் ஓர் அடி என்பது எட்டுத் தட்டு. முதல் பாதியில் நாலு சொல்லுக்கு நாலு தட்டு. இரண்டாம் பாதியில் மூன்று சொல்லுக்கு மூன்று தட்டு. எட்டாவது தட்டுக்குச் சொல் கிடையாது. அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு உடம்பைத் திருப்பி அடுத்த அடிக்குக் குனிய வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ‘தகிட’ என்று சொல்கிற நேரத்துக்குள் அடங்க வேண்டும். இப்படி:

வெள்ளம் – வடிஞ்சது – வீதி – துலங்குது
வீட்டுக் – கதவெல்லாம் – திறக்குதடி – (தட்டு)
உள்ளம் – குளிர்ந்தது – ஊரு – சிரிக்குது
ஒண்ணாகக் – கைகொட்டிப் – பாடுங்கடி – (தட்டு)

‘வெள்ளம்’, ‘உள்ளம்’ என்று இரண்டு அடிக்கும் இரண்டாவது எழுத்து ஒன்றாக வருகிறதல்லவா? அது எதுகை. ‘வெள்ளம்’ என்று தொடங்கிய அடியின் இரண்டாம் பாதி ‘வீட்டு’ என்று எடுப்பது மோனை. இவை அழகுக்கு மட்டுமில்லை. ஐம்பது பேர் சுற்றி வரும்போது யாரும் காகிதத்தைப் பார்த்துப் பாட முடியாது. அடுத்த சொல்லை ஞாபகப்படுத்தி இழுத்து வருவது இந்த எழுத்துதான்.

தப்பு எங்கே வருகிறது என்பதைக் கை சொல்லிவிடும். நாங்கள் ஒரு தரம் ‘அடுக்குமாடி வீட்டுக்காரர்’ என்று ஒரே தட்டில் நுழைக்கப் பார்த்தோம். வாய் ஓட, கை பின்தங்கியது. எட்டாவது தட்டு வரும்போது சிலர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். “சொல்லு பெரிசு, கை சின்னது” என்று பாட்டி சிரித்தார். ஆகவே மெட்டுப் போடுமுன் வெறுமனே கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். எட்டாவது தட்டில் எல்லார் வாயும் மூடியிருந்தால் அடி சரி. தொடங்கும்போது குரலைத் தாழ்வாகவே எடுக்க வேண்டும். சுற்றச் சுற்ற வேகம் தானாக ஏறும். முதலிலேயே உச்சத்தில் எடுத்தால் நாலாவது சுற்றில் தொண்டை கட்டிவிடும்.

அடுத்தது, இரு பக்கமும் எப்படி நன்றி சொல்வது? பாட்டி கண்டுபிடித்த வழி இதுதான். வட்டத்தை இரண்டாகப் பிரித்தார். எங்கள் பக்கம் ஒரு கேள்வி கேட்கும். எதிர்ப் பக்கம் அதற்குப் பதில் சொல்லாது. திருப்பி ஒரு கேள்வி கேட்கும்.

நாங்கள்:
தோளில் சுமந்தெங்க தொட்டில் குழந்தையைத்
தூக்கிக் கரைசேத்து விட்டதாரு?

அவர்கள்:
நாளு முழுக்க எம் புள்ளைங்க பசிக்கு
நல்ல சுடுகஞ்சி தந்ததாரு?

நாங்கள்:
சேறு நிறைஞ்ச நடுவீடு கழுவச்
சேலை சொருகிட்டு வந்ததாரு?

அவர்கள்:
வேறு மறுதுணி இல்லாத நாளில
வெளுத்த புடவை குடுத்ததாரு?

பெயர் எங்கும் இல்லை. ‘ஏழை’, ‘பணக்காரர்’ இல்லை. பதில் எதிரில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது வாயால் எதற்குச் சொல்ல வேண்டும்? 2016 காணும் பொங்கலன்று முதல் முறையாகப் பாடினோம். என் பிள்ளையைச் சுமந்தவர் தெருவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘தோளில் சுமந்தெங்க’ என்று நாங்கள் எடுத்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பாட்டி சொன்னது சரியாகப் போயிற்று!

ஆனால் அன்றைக்கே மனசில் ஒரு பாரம். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டது. எங்கள் தெருக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்குப் பிழைப்பும் தூரமாகிவிட்டது. பாட்டில் பாதி வட்டம் இல்லாமல் எப்படிப் பாடுவது? நாங்களே இரண்டு பக்கமும் பாடினால் அது வேஷம். அதனால் ஒரு தீர்மானம் செய்தோம். ஒரு வருஷம் அவர்கள் இங்கே வருவது, மறு வருஷம் நாங்கள் அங்கே போவது. யார் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் பொங்கலும் வடையும் செய்ய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. எங்கள் தெரு அந்தத் தடவை தப்பித்தது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் நாங்கள் குடிநீரும் ரொட்டியும் பால் பவுடரும் எடுத்துக்கொண்டு போனோம். மாமிக்கு முழங்கால் வலி. ஆனாலும் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து மினி லாரியில் வந்தார். அங்கே மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குரல்: “கஞ்சிக்கார மாமி வந்துட்டாங்கடி!”

பாட்டி இப்போது இல்லை. அவர் பேத்திதான் முன்பாட்டு எடுக்கிறாள். அந்த வருஷப் பொங்கலுக்குக் கடைசியில் அவள் இரண்டு அடி சேர்த்தாள். இதை மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து பாடுகிறோம்:

தள்ளி இருந்தாலும் தண்ணியே சூழ்ந்தாலும்
தாங்கும் உறவு நமக்கிருக்கு
அள்ளிக் கொடுப்பதும் ஏந்திக் குடிப்பதும்
ஆளுக் கொருமுறை ஆகுதடி!

தோளில் போன என் பிள்ளைக்கு இப்போது மீசை அரும்பப் போகிறது. கும்மி என்றால் வெட்கப்படுகிறான். ஆனாலும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது அவன்தான். அந்த முதல் கேள்வி வரும்போது மட்டும் எங்கிருந்தாலும் வாசலுக்கு வந்துவிடுகிறான்.