நான்கு புள்ளிகளும் இரண்டு கண்ணாடிகளும்

நேரம் 0, 1, 2, 3. அந்தந்த நேரத்தில் அளந்த மதிப்புகள் 1, 3, 4, 8. இந்த நான்கு புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாக ஓடும் நேர்கோடு எது? புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும் கோடுதான் விடை. 1805இல் லெஜாண்டர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இது. பாடநூல்கள் இதற்கு இயல்நிலைச் சமன்பாடுகளைச் சொல்லித் தருகின்றன. அதன்படி சாய்வு 44/20, அதாவது 2.2.

கீழே நிற்கும் அந்த 20ஐக் கவனியுங்கள். நேரங்களின் வர்க்கத் தொகையை 4ஆல் பெருக்கி, நேரங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பது அது: 56 − 36. இனி அதே அளவீடுகளை வேறொரு கடிகாரத்தில் குறிப்போம். நேரங்கள் 100000000, 100000001 என்று தொடங்கட்டும். 1970 முதல் விநாடிகளை எண்ணிவரும் கணினிகளில் இத்தகைய பெரிய எண்கள் சர்வசாதாரணம். கோட்டின் சாய்வு மாறக்கூடாது. கழித்தால் வரவேண்டியதும் அதே 20தான். ஆனால் கழிக்க வேண்டிய இரண்டும் இப்போது 18 இலக்க எண்கள். வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் கணினி சுமார் 16 இலக்கங்களையே வைத்திருக்கும். அந்த உயரத்தில் அதற்குத் தெரிந்த அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 32 இடைவெளி. எனவே கழித்தால் 0 வரலாம், 32 வரலாம். 20 மட்டும் வரவே வராது. சூத்திரத்தில் தவறில்லை. வர்க்கப்படுத்திய கணமே தகவல் தொலைந்துவிட்டது.

வர்க்கப்படுத்தாமலே விடை காணும் வழியை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் 1958இல் காட்டினார். மீச்சிறு வர்க்கக் கணக்குக்கு அதைப் பயன்படுத்தும் முறையை ஜீன் கோலப் 1965இல் எழுதினார். கருவி, கண்ணாடி. நான்கு எண்கள் கொண்ட ஒரு நிரலை நான்கு பரிமாண வெளியில் ஓர் அம்பாக எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பிரதிபலித்தாலும் அம்பின் நீளம் மாறாது. ஆகவே எல்லா நிரல்களையும் ஒரே கண்ணாடியில் பிரதிபலித்தால், விலகல்களின் வர்க்கத் தொகையும் மாறாது. கணக்கு மட்டும் எளிதாகும்.

நம் கோட்டுக்கு இரண்டு நிரல்கள்: நிலையான பகுதிக்கு (1, 1, 1, 1), நேரத்துக்கு (0, 1, 2, 3). முதல் நிரலின் நீளம் 2. முதல் உறுப்போடு அந்த 2ஐக் கூட்டினால் v = (3, 1, 1, 1). இதற்குச் செங்குத்தாக நிற்பதுதான் கண்ணாடி. எந்த நிரலையும் பிரதிபலிக்க ஒரே விதி:

```
x - 2 (v·x)/(v·v) v
```

v·v = 12. முதல் நிரல் (−2, 0, 0, 0) ஆகிறது. நேர நிரலுக்கு v·x = 6, பெருக்கி 1; கிடைப்பது (−3, 0, 1, 2). அளவீடுகள் (−8, 0, 1, 5) ஆகின்றன.

இரண்டாவது கண்ணாடி முதல் வரியைத் தொடாது. மிச்சமுள்ள (0, 1, 2)இன் நீளம் √5; எனவே v = (√5, 1, 2). பிரதிபலித்ததும் நேர நிரல் (−√5, 0, 0) என்றும், அளவீடுகள் (−2.2√5, −1.2, 0.6) என்றும் மாறுகின்றன. மேலே நிற்கும் முக்கோணம்தான் R. இரு பிரதிபலிப்புகளும் சேர்ந்தது Q. கடைசி வரியிலிருந்து மேலேறினால் சாய்வு 2.2, தொடக்க மதிப்பு 0.7. இலவச இணைப்பு ஒன்றும் உண்டு: ஒதுங்கி நிற்கும் −1.2, 0.6 இரண்டின் வர்க்கத் தொகையான 1.8தான் எந்தக் கோட்டாலும் குறைக்க முடியாத பிழை.

இப்போது பெரிய கடிகாரத்துக்கு வருவோம். அதே முதல் கண்ணாடியில் நேர நிரல் (−200000003, 0, 1, 2) ஆகிறது. கடைசி மூன்றும் முன்பு இருந்தவையே! பெரிய எண் மேல் வரியில் ஒதுங்கிவிட்டது. அதை யாரும் வர்க்கப்படுத்தவில்லை. கையால் செய்யும்போது இது துல்லியம். நிரல்களில் v வகுத்துச் சுருக்கப்படுவதால் கொஞ்சம் தேய்மானம் உண்டு. அப்போதும் சாய்வில் ஏழெட்டு இலக்கங்கள் தேறும்.

நீளத்தை ஏன் கூட்டினோம், கழித்தாலும் கண்ணாடி கிடைக்குமே? கிடைக்கும், ஆனால் அங்கேதான் பொறி. நிரல் (1, 0.000000001) என்றால் கணினியில் அதன் நீளம் 1 என்றே வரும். கழித்தால் 0, v சிதைந்துவிடும். அதனால் முதல் உறுப்பின் குறி எதுவோ அதே குறியோடு நீளத்தைச் சேர்ப்பார்கள். இந்த ஒரு குறியைத் தவறவிட்டால் முறையின் பெருமையெல்லாம் வீண்.

செலவும் உண்டு. வரிகள் மிகுந்த கணக்கில் இயல்நிலைச் சமன்பாட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு வேலை. Qவை முழுதாக எழுதி வைப்பதில்லை. V-க்களைச் சேமித்தாலே போதும். இரண்டு நிரல்கள் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால், R-இன் மூலைவிட்டத்தில் மிகச் சிறிய எண் ஒன்று தலைகாட்டும். அது தரவின் குறை. எந்தக் கண்ணாடியாலும் சரியாகாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதே, அதுவே லாபம்.

R மொழியில் `lm` கட்டளை உள்ளே செய்வது இந்த ஹவுஸ்ஹோல்டர் வேலையைத்தான். விரிதாளில் சாய்வுச் சூத்திரத்தைச் சொந்தமாக எழுதுகிறவர்கள், நேரங்களிலிருந்து அவற்றின் சராசரியைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.