ஐந்து ஸ்டார் கேட்காதீர்கள்

அமேசானில் இரும்புத் தோசைக்கல் விற்கும் ஒருவர், பார்சலுக்குள் ஒரு அட்டை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பிடித்திருந்தால் 5 ஸ்டார் போடுங்கள், 50 ரூபாய் அனுப்புகிறோம். பிடிக்கவில்லையென்றால் எங்களுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வரியில் மூன்று விதிமீறல்கள் இருக்கின்றன.

முதலாவது பணம். ரிவ்யூவுக்காகப் பணமோ கூப்பனோ இலவசப் பொருளோ தரக்கூடாது. இரண்டாவது, நல்ல ரிவ்யூதான் வேண்டும் என்று கேட்பது. மூன்றாவதைத்தான் பலர் தவறென்றே நினைப்பதில்லை: திருப்தியானவர்களை ரிவ்யூ பக்கத்துக்கும், குறை உள்ளவர்களைத் தன் வாட்ஸ்அப்புக்கும் பிரித்து அனுப்புவது. குறைகளை வடிகட்டிவிட்டால் அடுத்து வாங்குபவர் பார்ப்பது பாதி உண்மைதான். மாட்டிக்கொண்டால் ரிவ்யூக்கள் நீக்கப்படலாம். விற்பனைக் கணக்கே முடக்கப்படலாம்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? செல்லர் சென்ட்ரலில் ஒவ்வொரு ஆர்டரின் விவரப் பக்கத்திலும் Request a Review என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அமேசானே தன் வாசகத்தில் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பும். அதில் நாம் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அதனால் வாசகத்தில் பிசகவும் வழியில்லை. பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த 5ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை, ஒரு ஆர்டருக்கு ஒரே ஒரு முறை அழுத்தலாம். அதன் பிறகு அதே ஆர்டருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி மறுபடி கேட்கக்கூடாது.

எந்த நாளில் அழுத்துவது என்பது நம் கையில். இரும்புக் கல்லைப் பழக்கி எடுக்கவே சில நாள் ஆகும். 5ஆம் நாளே கேட்டால், "தோசை ஒட்டுகிறது" என்றுதான் எழுதுவார்கள். 20ஆம் நாள் வாக்கில் கேட்டால், பழகிய கல்லைப் பற்றி எழுதுவார்கள். ஆனால் எல்லா ஆர்டருக்கும் அதே நாள்தான். புகார் சொன்னவரை மட்டும் விட்டுவிடுவதும் வடிகட்டல்தான்.

அட்டை வைப்பதில் தவறில்லை. கல்லை எப்படி எண்ணெய் தடவிப் பழக்குவது என்று எழுதி, கீழே "உங்கள் அனுபவம் எதுவானாலும் அமேசானில் எழுதுங்கள்" என்று ஒரு வரி போதும். செய்முறை தெரிந்தால் ஒட்டுகிறதென்ற புகாரே குறையும்.

அதையும் மீறி ஒரு ஸ்டார் விழுந்தால், ரிவ்யூவை மாற்றவோ நீக்கவோ சொல்லி வாடிக்கையாளரைக் கேட்கக்கூடாது. பணத்தைத் திருப்பித் தந்து அதற்கு ஈடாகக் கேட்பதும் கூடாது. உறவினரை எழுதச் சொல்லிச் சரிக்கட்டுவதும் விதிமீறலே. அவர் எழுதிய குறை உண்மையா என்று பார்த்து, பொருளையோ பேக்கிங்கையோ சரிசெய்யுங்கள். அடுத்த ரிவ்யூ அதைச் சொல்லட்டும்.