இரு கைகளிலிருந்தும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

கடுங்காய்ச்சலோடு வார்டில் சேர்ந்தவருக்கு டாக்டர் 'பிளட் கல்ச்சர்' எழுதுகிறார். இரு கைகளிலிருந்தும் ரத்தம் எடுக்கிறார்கள். "ஒரு ஊசி போதாதா, இவ்வளவு ரத்தமா?" என்று வீட்டார் பதறுவது இயல்புதான். ஆனால் இந்தச் சோதனையில் அளவுதான் உயிர்நாடி. பெரியவர்களின் ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும், ஒரு மில்லியில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். டைபாய்டில் பெரும்பாலும் இப்படித்தான். மூன்று மில்லி மட்டும் எடுத்தால் கிருமி சிக்காமலே போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு குப்பிக்கும் எட்டு முதல் பத்து மில்லி வரை எடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து இது குறையும்.

இரண்டாவது கை எதற்கு? ஒருவருக்கு இரு கைகளிலும் எடுத்து, கைக்கு இரண்டாக நான்கு குப்பிகள் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு குப்பியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தால், அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்படம். இரு கைகளின் குப்பிகளிலும் அதே கிருமி வளர்ந்தால், ரத்தத்திலேயே இருக்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். ஒரே குப்பி அனுப்பியிருந்தால் இதைப் பிரித்தறிய வழியில்லை. அவருக்குத் தேவையில்லாத வான்கோமைசின் நாள்கணக்கில் ஏறும்.

கலப்படம் பெரும்பாலும் அவசரத்தில்தான் நேர்கிறது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் தோலைத் தேய்த்தபின் அது முப்பது வினாடியாவது தானாகக் காய வேண்டும். ஈரத்தில் குத்தினால் பாதிப் பலன்தான். துடைத்த இடத்தில் நரம்பைத் தேடி மறுபடி விரல் வைத்தால் துடைத்ததே வீண். பலர் மறப்பது குப்பியின் ரப்பர் மூடியை. பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றியதும் தெரியும் அந்த ரப்பர், கிருமி நீக்கப்பட்டதல்ல. அதையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும்.

எடுத்தபின் குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. குளிரில் சில கிருமிகள் செத்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிருமி வளரும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் ஏற்றத்தைத்தான் அங்குள்ள கருவி கவனிக்கிறது. இரவு முழுக்க மேசையிலேயே கிடந்த குப்பியில் அந்த ஏற்றம் முன்பே முடிந்திருந்தால், கருவி கிருமி இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

ஆன்டிபயாடிக் உள்ளே போனபின் எடுக்கும் ரத்தத்தில் கிருமி வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நோயாளி மிக மோசமாக இருந்தால் இதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாதுதான். ஆனால் ரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். உங்கள் வீட்டவருக்கு முதல் ஊசி போடும் முன், "கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று கேளுங்கள். இரண்டாவது கையை நீட்டச் சொன்னால் மறுக்காதீர்கள்.